மீத்தேனின் 109°28′ எங்கிருந்து வருகிறது? ஓர் உருளைக்கிழங்கு, ஒரு கனசதுரம், ஒரு புள்ளிப் பெருக்கம்

அண்ணன் மகள் பிளஸ் ஒன் வேதியியல் புத்தகத்தோடு வந்து நின்றாள். "சித்தப்பா, மீத்தேன்ல பிணைப்புக் கோணம் 109°28′னு போட்டிருக்கு. இதை அளந்து பார்த்தாங்களா, இல்ல கணக்குப் போட்டே கண்டுபிடிக்கலாமா?"

கணக்குப் போடலாம், அஞ்சு நிமிஷ வேலை என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். முதலில் 60 வந்தது. திருத்திப் போட்டேன், 70.53 வந்தது. இன்னொரு தடவை கவனமாகப் போட்டேன், 1.91 என்று வந்து நின்றது. இரண்டு சாயங்காலம் போனபின்தான் எங்கெங்கே இடறினேன் என்று புரிந்தது. கணக்கு உண்மையிலேயே சின்னதுதான். ஆனால் தவறாகப் போக அதில் மூன்று நல்ல வழிகள் இருக்கின்றன. நீங்கள் மூன்றிலும் போய்வர வேண்டாம் என்பதற்காக இதை எழுதுகிறேன்.

1. முதலில் கையில் இருக்க வேண்டியவை

கணக்கு என்ற அளவில், இரண்டு வெக்டர்களின் புள்ளிப் பெருக்கம் தெரிந்தால் போதும். பாடப்புத்தகத்தில் இதைத் திசையிலிப் பெருக்கம் என்றும் போட்டிருப்பார்கள், இரண்டும் ஒன்றுதான். ஒத்த கூறுகளைப் பெருக்கிக் கூட்டுவது ஒரு வழி. இரண்டு நீளங்களையும் நடுவில் உள்ள கோணத்தின் கொசைனையும் பெருக்குவது இன்னொரு வழி. இரண்டும் ஒரே விடையைத் தரும் என்பதுதான் இங்கே நமக்கு வேண்டிய முழு விஷயம்.

பொருள் என்று பார்த்தால் ஒரு பெரிய உருளைக்கிழங்கு, நான்கு பல்குச்சி, ஒரு ஸ்கேல், செல்போன் கால்குலேட்டர். பெரும்பாலான போன்களில் கால்குலேட்டரைப் படுக்கவாட்டில் திருப்பினால் cos⁻¹ பொத்தான் வரும். பல்குச்சி டப்பா வீட்டில் இல்லையென்றால் அதுதான் மொத்தச் செலவு. நேரம், கிழங்கு வெட்டுவதையும் சேர்த்து அரை மணி. கணக்கு மட்டும் என்றால் பத்து நிமிடம்.

கிழங்கு இல்லாமலும் செய்யலாம். ஆனால் நான் தாளில் மட்டும் படம் போட்டுத்தான் அந்த 60ஐயும் 70.53ஐயும் வாங்கினேன். முப்பரிமாணத்தைத் தாளில் பார்த்துப் பழகாதவர்கள் கிழங்கை வெட்டிவிடுவது நல்லது.

2. நான்கு மூலைகளைத் தேர்ந்தெடுங்கள்

கிழங்கை 4 செ.மீ. பக்கமுள்ள கனசதுரமாக வெட்டுங்கள். கச்சிதமாக வராது, பரவாயில்லை. கனசதுரத்துக்கு எட்டு மூலை. மீத்தேனில் ஹைட்ரஜன் நான்குதான். கார்பன் கனசதுரத்தின் நட்டநடுவில் இருக்கிறது, ஹைட்ரஜன்கள் எட்டில் நான்கு மூலைகளை நோக்கி இருக்கின்றன என்று வைத்துக்கொள்கிறோம். எந்த நான்கு?

மேல்முகத்தில் எதிரெதிராக உள்ள இரண்டு மூலைகளை எடுங்கள். கீழ்முகத்திலும் எதிரெதிர் மூலைகள் இரண்டு எடுக்க வேண்டும், ஆனால் மேலே எடுத்த மூலைகளுக்கு நேர் கீழே உள்ளவற்றை அல்ல, மற்ற இரண்டை. இந்த நான்கிலும் பல்குச்சியை நடுவை நோக்கிக் குத்துங்கள், கூர்முனைகள் நடுவில் சந்திக்கும் வரை. மூலையிலிருந்து நடுவுக்கு ஏறத்தாழ 3.5 செ.மீ. இருக்கும். குச்சியின் மீதி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்.

இங்கேதான் பலர் தவறு செய்வார்கள். மேலே எடுத்த அதே மூலைகளுக்கு நேர் கீழே குத்திவிட்டால் நான்கு குச்சியும் ஒரே தளத்தில் படுத்துவிடும், சப்பையான ஓர் உருவம்தான் கிடைக்கும். சரிபார்க்க எளிய வழி: கனசதுரத்தின் எந்த விளிம்பை எடுத்தாலும் அதன் இரண்டு முனையிலும் குச்சி இருக்கக்கூடாது. ஒரு முனையில் இருந்தால் மறுமுனை காலியாக இருக்க வேண்டும்.

சரியாகக் குத்தியிருந்தால், கிழங்கைத் திருப்பித் திருப்பிப் பாருங்கள். எந்த முகத்தைப் பார்த்தாலும் அதில் எதிரெதிர் மூலைகளில் இரண்டு குச்சி. ஆறு முகம், ஆறு ஜோடி. நான்கு ஹைட்ரஜன்களில் இரண்டிரண்டாக எடுத்தாலும் ஆறு ஜோடிதான் வரும். அதாவது ஒவ்வொரு ஹைட்ரஜன் ஜோடிக்கும் ஒரு முகம். எல்லா முகமும் ஒரே சதுரம் என்பதால் ஆறு கோணமும் சமம். எனவே ஒன்றைக் கண்டுபிடித்தால் போதும். என்னைக் கேட்டால் கனசதுரத்தை இந்தக் கணக்குக்குள் கொண்டுவருவதன் பெரிய லாபமே இதுதான். நான்முகியை அப்படியே வைத்துக்கொண்டு கோணம் தேடினால் எங்கே தொடங்குவது என்றே தெரியாது.

3. ஸ்கேலால் ஒருமுறை அளந்துவிடுங்கள்

பாகைமானியை இந்தக் கிழங்குக்குள் நுழைக்க முடியாது. அதனால் இரண்டு குச்சிகளின் வெளிமுனைகளுக்கு இடையிலான தூரத்தை அளங்கள். எங்கள் குச்சி 6.5 செ.மீ. நீளம், வெளிமுனைகளுக்கு இடையே 10.4 செ.மீ. வந்தது. இரண்டு குச்சியும் இந்தத் தூரமும் ஓர் இருசமபக்க முக்கோணம். அதை நடுவில் பிளந்தால் பாதிக் கோணத்தின் சைன் 5.2 / 6.5, அதாவது 0.8. பாதிக் கோணம் 53.13°, முழுக் கோணம் 106.3°.

மூன்று டிகிரி குறைவு. உண்மையில் அந்தத் தூரம் 10.6 செ.மீ. இருந்திருக்க வேண்டும். 2 மி.மீ. பிசகுக்கு மூன்று டிகிரி அடி வாங்குகிறது. அதனால் இந்த அளவை விடையாக எடுத்துக்கொள்ளாதீர்கள், காவலாளியாக வைத்துக்கொள்ளுங்கள். அடுத்து போடப்போகும் கணக்கில் 60 அல்லது 70 வந்தால், "கிழங்கு 106 சொன்னதே" என்று நின்று யோசிப்பீர்கள். நான் அளக்காமல் தொடங்கியதால் என் 60ஐ பத்து நிமிடம் நம்பிக்கொண்டிருந்தேன்.

4. அச்சுத்தூரங்கள்: ஆதிப்புள்ளியைக் கார்பனில் வையுங்கள்

இந்தப் படியில் நிதானமாக இருங்கள். முழுக் கணக்கும் இதில்தான் அடங்கியிருக்கிறது.

கனசதுரத்தின் பக்கம் 2 அலகு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆதிப்புள்ளி நடுவில், கார்பன் இருக்கும் இடத்தில். அப்படியானால் எட்டு மூலைகளும் (±1, ±1, ±1) என்று அமையும். நாம் தேர்ந்தெடுத்த நான்கு இவை:

```
H1 = ( 1,  1,  1)
H2 = ( 1, -1, -1)
H3 = (-1,  1, -1)
H4 = (-1, -1,  1)
```

கழித்தல் குறி ஒன்று கூட இல்லை, அல்லது சரியாக இரண்டு இருக்கிறது. எந்த வரிசையிலும் மூன்று எண்களையும் பெருக்கினால் +1 வரும். நீங்கள் எழுதியதில் ஒன்றுக்காவது –1 வந்தால் தவறான மூலைக்குப் போய்விட்டீர்கள் என்று பொருள். (நான்குக்கும் –1 வந்தால் சிக்கல் இல்லை. மிச்சமிருந்த நான்கு மூலைகளை எடுத்திருக்கிறீர்கள், அதுவும் ஒரு மீத்தேன்தான்.)

இப்போது என் 60 டிகிரி கதை. நான் ஆதிப்புள்ளியை ஒரு மூலையில் வைத்தேன், பள்ளியில் கனசதுரம் வரையும்போது அப்படித்தானே வரைவோம். பக்கம் 1. ஹைட்ரஜன்கள் (0,0,0), (1,1,0), (1,0,1), (0,1,1). இதுவரை சரிதான், இவையும் ஒன்றுவிட்டு ஒன்றான மூலைகள்தான். அப்புறம் (1,1,0) உடன் (1,0,1) ஐ அப்படியே பெருக்கினேன். புள்ளிப் பெருக்கம் 1, நீளம் ஒவ்வொன்றும் √2, கொசைன் 1/2, கோணம் 60°.

அந்த 60 ஏதோ ஒரு பொய்யான எண் அல்ல. ஆதிப்புள்ளியில் நின்றது ஒரு ஹைட்ரஜன். அங்கிருந்து மற்ற இரண்டு ஹைட்ரஜன்களைப் பார்க்கும் கோணம்தான் அது, நான்முகியின் முகமான சமபக்க முக்கோணத்தின் கோணம். கேட்டதோ கார்பனிலிருந்து பார்க்கும் கோணம். பிணைப்புக் கோணம் என்றால் வெக்டர்கள் நடு அணுவிலிருந்து கிளம்ப வேண்டும். மூலையை ஆதிப்புள்ளியாக வைத்தே தீருவேன் என்றால், ஒவ்வொரு ஹைட்ரஜனின் அச்சுத்தூரத்திலிருந்தும் கார்பனின் (½, ½, ½) ஐக் கழித்துவிட்டுப் பெருக்குங்கள். கழித்தால் எல்லாமே +½ அல்லது –½ ஆகிவிடும், மேலே எழுதிய நான்கு வரிசைகளின் பாதி அளவு உருவம் வரும்.

பக்கம் 2 என்று எடுத்தது வெறும் வசதிக்குத்தான். மீத்தேனில் கார்பன்–ஹைட்ரஜன் தூரம் சுமார் 1.09 ஆங்ஸ்ட்ராம். அதற்குப் பொருந்தும் கனசதுரத்தின் பக்கம் ஏறத்தாழ 1.26 ஆங்ஸ்ட்ராம். அதைப் போட்டாலும் கோணம் மாறாது, ஏனென்றால் அடுத்த படியில் நீளத்தால் வகுத்துவிடப் போகிறோம். தேவையில்லாமல் தசமங்களைச் சுமக்காதீர்கள்.

5. ஒரே ஒரு பெருக்கல்

H1, H2 இரண்டையும் எடுப்போம்.

```
H1 · H2 = (1)(1) + (1)(-1) + (1)(-1) = -1
|H1| = √(1 + 1 + 1) = √3
|H2| = √3
cos θ = -1 / (√3 × √3) = -1/3
```

அவ்வளவுதான். மற்ற ஐந்து ஜோடிகளையும் வேண்டுமானால் போட்டுப் பாருங்கள், எல்லாவற்றுக்கும் –1 தான் வரும். ஒன்றுக்கு +1 வந்தால், ஒரே விளிம்பின் இரண்டு முனைகளை எடுத்திருக்கிறீர்கள். –3 வந்தால் நேர் எதிர் மூலைகள், அவற்றுக்கு இடையே 180°.

கழித்தல் குறியைத் தொலைக்காதீர்கள். கொசைன் கழித்தலாக இருந்தால் கோணம் 90க்கு மேல். நான்கு ஹைட்ரஜன்களையும் ஒரு தாளில் கூட்டல் குறிபோல் வைத்தால் பக்கத்துக் கோணம் 90 வரும். அவற்றை முப்பரிமாணத்தில் விலக்கிவிட்டால் ஒவ்வொன்றுக்கும் இடம் அதிகம் கிடைக்கிறது. அதனால்தான் மீத்தேன் தட்டையாக இல்லாமல் இந்த உருவில் இருக்கிறது. 90ஐ விடக் குறைந்த விடை வந்தால் அந்த நிமிடமே சந்தேகப்படுங்கள்.

6. –1/3 ஐக் கோணமாக மாற்றுவது

கால்குலேட்டரில் cos⁻¹(–1 ÷ 3). அடைப்புக்குறியை விட்டுவிடாதீர்கள். விடை 109.4712…

எனக்கு 1.91 வந்த காரணம், போன் ரேடியனில் இருந்தது. 1.9106 ரேடியன் என்பதும் சரியான விடைதான், அலகுதான் வேறு. திரையின் ஓரத்தில் RAD அல்லது DEG என்று இருக்கும், அதைப் பார்த்துவிட்டு அழுத்துங்கள். பொத்தானில் RAD என்று எழுதியிருந்தால், சில போன்களில் அது இப்போதைய நிலையைக் காட்டும், சிலவற்றில் அழுத்தினால் மாறப்போகும் நிலையைக் காட்டும். குழப்பமாக இருந்தால் cos 60 போட்டுப் பாருங்கள். 0.5 வந்தால் டிகிரியில் இருக்கிறது.

தேர்வறையில் கால்குலேட்டர் கிடையாது, மடக்கை அட்டவணைப் புத்தகம்தான் என்றால் இன்னொரு சங்கதி. கொசைன் அட்டவணையில் கழித்தல் எண்ணே இருக்காது, 0 முதல் 90 வரைதான். அதனால் 1/3 க்கு, அதாவது 0.3333 க்குப் பாருங்கள். 70°30′ க்கு 0.3338 இருக்கும். இன்னும் 0.0005 குறைய வேண்டும். சராசரி வித்தியாசக் கட்டத்தில் 5 என்பது 2′ க்கு நேராக வரும். கொசைனுக்குக் கோணம் கூடினால் மதிப்பு குறையும், எனவே 2′ ஐக் கூட்டி 70°32′. இதோடு நிறுத்தினால் என் 70.53 தான் உங்களுக்கும் கிடைக்கும். கொசைன் கழித்தல் என்பதால் 180 இலிருந்து கழிக்க வேண்டும்: 180° – 70°32′ = 109°28′. புத்தகத்தில் போட்டிருந்த அதே எண்.

109°28′ என்பதை 109.28 என்று எழுதிவிடாதீர்கள். 28′ என்றால் 60இல் 28 பங்கு, தசமத்தில் 0.47. எனவே 109.47°, சுருக்கமாக 109.5°. அண்ணன் மகள் தன் நோட்டில் 109.28 என்றுதான் எழுதி வைத்திருந்தாள், அதுவும் சிவப்பு மையில் அடிக்கோடு போட்டு.

7. கனசதுரம் இல்லாமல் ஒரு சரிபார்ப்பு

விடை சரிதானா என்று இன்னொரு பக்கத்திலிருந்து பார்க்கலாம். நான்கு வெக்டர்களையும் கூட்டுங்கள். முதல் கூறுகள் 1 + 1 – 1 – 1 = 0. மற்ற இரண்டும் அப்படியே. மொத்தம் பூச்சியம். மீத்தேன் ஒரு பக்கமும் சாயாமல் இருப்பதன் கணக்கு வடிவம் இது. நான்கு பிணைப்புகளின் இழுப்பும் ஒன்றையொன்று அடித்துக்கொள்வதால்தான் மீத்தேனுக்கும் கார்பன் டெட்ராகுளோரைடுக்கும் இருமுனைத் திருப்புத்திறன் பூச்சியம்.

இப்போது நான்கின் நீளத்தையும் 1 என்று எடுத்துக்கொண்டு, அந்தக் கூட்டலை H1 உடன் புள்ளிப் பெருக்கம் செய்யுங்கள். H1 தன்னோடு பெருகினால் 1. மற்ற மூன்றோடும் பெருகினால் ஒவ்வொன்றும் cos θ. மொத்தம் பூச்சியம் என்பதால்:

```
1 + 3 cos θ = 0
cos θ = -1/3
```

மூலையும் இல்லை, √3உம் இல்லை. "இதையே முதல்ல சொல்லியிருக்கலாமே" என்றாள். சொல்லியிருக்கலாம்தான், ஆனால் ஆறு கோணமும் சமமாக அமைய முடியும் என்பதைக் கண்ணால் காட்டியது கிழங்குதான்.

8. வேறு மூலக்கூறுக்குப் போகும்முன்

கனசதுரத்தின் 109.47 எல்லாவற்றுக்கும் பொருந்தாது. நடு அணுவைச் சுற்றி நான்கும் ஒரே மாதிரி இருந்தால்தான் பொருந்தும். கார்பன் டெட்ராகுளோரைடு, அம்மோனியம் அயனி, வைரத்துக்குள் இருக்கும் ஒவ்வொரு கார்பன், இவற்றுக்குச் சரி. ஒரு ஹைட்ரஜனை எடுத்துவிட்டுக் குளோரினைப் போட்டாலே கோணங்கள் கொஞ்சம் நகர்ந்துவிடும். அம்மோனியாவில் ஒரு மூலையில் தனித்த எலக்ட்ரான் ஜோடி உட்கார்ந்து மற்றவற்றை நெருக்குவதால் சுமார் 107°. நீரில் அப்படி இரண்டு ஜோடி, கோணம் சுமார் 104.5°. இவற்றுக்கு மூலைகளைப் போட்டுக் கணக்கிட்டால் தவறான விடைதான் வரும். ஆனால் அணுக்களின் உண்மையான அச்சுத்தூரங்கள் கையில் இருந்தால் அதே புள்ளிப் பெருக்கம் வேலை செய்யும்.

நீருக்கு ஒருமுறை போட்டுக் காட்டுகிறேன். ஆங்ஸ்ட்ராம் அளவில் ஆக்சிஜன் (0, 0, 0.1173), ஹைட்ரஜன்கள் (0, 0.7572, –0.4692), (0, –0.7572, –0.4692). கவனியுங்கள், ஆக்சிஜன் ஆதிப்புள்ளியில் இல்லை. கணினிக் கோப்புகளில் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். முதலில் கழிக்க வேண்டும்:

```python
import numpy as np
O  = np.array([0, 0, 0.1173])
H1 = np.array([0, 0.7572, -0.4692])
H2 = np.array([0, -0.7572, -0.4692])
a, b = H1 - O, H2 - O
c = a @ b / (np.linalg.norm(a) * np.linalg.norm(b))
print(round(np.degrees(np.arccos(c)), 2))
```

104.48 என்று வரும். ஐந்தாவது வரியில் `- O` வை விட்டுவிட்டு ஓட்டிப் பாருங்கள், 116 டிகிரியைத் தாண்டிவிடும். 116 என்பது பார்வைக்கு நம்பும்படியான எண், பிழைச் செய்தி எதுவும் வராது. நான்காவது படியில் எனக்கு 60 கொடுத்த அதே தவறுதான் இதுவும். அங்கே 60 என்பதால் கண்டுபிடித்தேன், இங்கே வந்திருந்தால் நிச்சயம் கண்டுபிடித்திருக்க மாட்டேன்.